வீனஸ் ஃப்ளைட்ராப் ஈயை எப்படிச் செரிக்கிறது? என் செடியில் ஈ போட்ட பொறி மட்டும் ஏன் கறுத்தது?

கேள்வி: "வீனஸ் ஃப்ளைட்ராப் வாங்கியிருக்கேன். மண்ணுல நைட்ரஜன் இல்லாததால பூச்சி சாப்பிடுதுன்னு சொல்றாங்க. அது எப்படிப் பிடிச்சு எப்படிச் செரிக்குது? செத்த ஈ ஒண்ணைப் போட்டேன், மூடுச்சு, ஆனா ஒரு வாரத்துல அந்தப் பொறியே கறுத்து அழுகிடுச்சு. ஏன்?"

பதில்:

உங்கள் ஈ செத்தது என்பதில்தான் பெரும்பாலும் விடை இருக்கிறது. அதற்குப் பொறி வேலை செய்யும் விதம் தெரிய வேண்டும்.

இலையின் இரண்டு மடல்களிலும் உட்புறம் மும்மூன்று மெல்லிய முடிகள் நிற்பதைப் பார்க்கலாம். ஒரு முடியை ஒரு முறை தொட்டால் ஒரு மின்துடிப்பு பரவும், பொறி அசையாது. சுமார் 20 நொடிக்குள் இரண்டாவது தொடுகை வந்தால்தான் மூடும். மழைத்துளியோ காற்றில் வந்த சருகோ ஒரு முறை பட்டுவிட்டுப் போவதற்கெல்லாம் செடி சக்தியை வீணாக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. மூடுவதற்குத் தசை எதுவும் கிடையாது. திறந்திருக்கும்போது மடல்கள் வெளிப்பக்கமாக வளைந்து இறுக்கத்தோடு இருக்கும். செல்களில் நீரழுத்தம் மாறியதும், காற்றில் குடை மறுபக்கம் திரும்புவதுபோல அந்த வளைவு சட்டென்று உள்பக்கமாகத் திரும்பிவிடும். பத்தில் ஒரு நொடி போதும்.

இந்த நிலையில் செரிமானம் தொடங்குவதில்லை. ஓரத்துப் பற்கள் கம்பி வேலி மாதிரி கோத்து நிற்கும், பொடி எறும்பு அந்த இடைவெளியில் தப்பிவிடும். உள்ளே மாட்டிய பூச்சி துள்ளத் துள்ள முடிகள் மறுபடி மறுபடி தொடப்படும். செடி அதையும் எண்ணுகிறது. இரண்டு தொடுகையில் ஜாஸ்மோனேட் என்ற ஹார்மோன் உருவாகத் தொடங்கும்; ஐந்துக்கு மேல் போனால் செரிமான நொதிகளைத் தயாரிக்கும் மரபணுக்கள் இயங்கும். இரை பெரிதாக இருந்தால் துள்ளலும் அதிகம், சுரப்பும் அதிகம். ஓரங்கள் இறுகி ஒட்டிக்கொள்ள, பொறி காற்றுப்புகாத ஒரு வயிறாக மாறுகிறது. துள்ளலே இல்லையென்றால் "வெறும் பொறி" என்று முடிவுகட்டி ஒரு நாள் அளவில் திறந்துகொள்ளும்.

மூடிய வயிற்றுக்குள் உட்புறச் சிவப்புச் சுரப்பிகள் அமில நீரைச் சுரக்கும். அதிலுள்ள புரோட்டியேஸ் பூச்சியின் புரதத்தை உடைக்கும், கைட்டினேஸ் மேலோட்டை அரிக்கும். புரதம் அமினோ அமிலங்களாகவும் அம்மோனியமாகவும் பிரிந்ததும் அதே சுரப்பிகள் உறிஞ்சிக்கொள்ளும். 5 முதல் 12 நாள் வரை ஆகும். பிறகு பொறி திறக்கும்போது உள்ளே காய்ந்த கூடு மட்டும் கிடக்கும்.

இதை உணவு என்பதைவிட உரம் என்பதே சரி. மாவுச்சத்தை இந்தச் செடியும் வெயிலில்தான் தயாரிக்கிறது. அதன் சொந்த ஊர் அமெரிக்காவின் வட, தென் கரோலினா கடலோரச் சமவெளி. அங்கே நீரில் ஊறிக் கிடக்கும் அமிலத்தன்மையுள்ள மணலும், பாதி மட்கிய பாசியாலான பீட்டும்தான் மண். ஆக்சிஜன் இல்லாததால் மட்கு சரியாகச் சிதையாது, நைட்ரேட்டும் தங்காது. மற்ற செடிகள் திணறும் அந்த இடத்தில் இது பூச்சியிலிருந்து நைட்ரஜன் எடுத்துக்கொள்கிறது. பெயரில் ஈ இருந்தாலும் காட்டில் இதற்கு மாட்டுவது பெரும்பாலும் எறும்பும் சிலந்தியும்தான்.

இப்போது உங்கள் பொறிக்கு வருவோம். ஈயை வைக்கும்போது உங்கள் கை முடிகளில் பட்டு அது மூடியிருக்கும். அதற்குப் பிறகு அசைவு இல்லாததால் நொதி போதிய அளவு சுரக்கவில்லை, ஓரமும் இறுகவில்லை. ஈயின் கால் அல்லது இறக்கை வெளியே நீட்டியிருந்தால் இன்னும் மோசம், அந்த இடுக்கு வழியாக பாக்டீரியா புகுந்துவிடும். செடி செரிப்பதற்கு முன் பாக்டீரியா ஈயை அழுக வைக்கும், இலையும் சேர்ந்து போகும். கறுப்பு ஈ இருக்கும் இடத்தில் தொடங்கிப் பரவியிருந்தால் இதுதான் காரணம். பல பொறிகள் ஒன்றாக, இரை இல்லாமலே கறுத்தால் தண்ணீரையோ மண்ணையோ சந்தேகியுங்கள். வயதான பொறி மூன்று நான்கு இரைக்குப் பின் தானாகக் கறுப்பதும் உண்டு, அது இயல்பு.

அடுத்த முறை பொறியின் மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்கு மேற்படாத பூச்சியை எடுங்கள். செத்ததாக இருந்தால், பொறி மூடியபின் இரண்டு பக்கமும் விரலால் மிக மெதுவாக அரை நிமிடம் அமுக்கி அமுக்கி விடுங்கள். முடிகளுக்கு அது துள்ளலாகத் தெரியும். சில மணி நேரம் கழித்து ஒரு தடவை மீண்டும் செய்யலாம். மறுநாள் ஓரங்கள் பற்களுக்கு இடையே வெளிச்சம் தெரியாமல் ஒட்டியிருந்தால் வேலை தொடங்கிவிட்டது. செடிக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு பூச்சி தாராளம். இறைச்சித் துண்டு வேண்டாம்.

நைட்ரஜன் குறைவு என்று யூரியாவோ தொழுஉரமோ வைத்துவிடாதீர்கள். உப்பு தங்காத மண்ணில் பழகிய வேர் அதில் கருகிவிடும். போர் தண்ணீரும் அதே கெடுதலைத்தான் செய்யும். மழைநீர் அல்லது ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள். பீட்டும் பெர்லைட்டும் சரிபாதி கலந்து, தொட்டியை ஒரு அங்குலத் தண்ணீர் நிற்கும் தட்டில் வையுங்கள்.