ஷியர் பூஜ்யமாகும் இடம் எங்கே? பீம் வரைபடக் கேள்விகளும் பதில்களும்

செமஸ்டர் தேர்வு நெருங்கும்போது சிம்ப்ளி சப்போர்ட்டட் பீம் பற்றி மாணவர்கள் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றியே வருகின்றன. ஆகவே ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு அதை வைத்தே முடிந்தவரை பதில் சொல்கிறேன். ஒரு தாளில் நீங்களும் வரைந்துகொண்டே படியுங்கள்.

கணக்கு இதுதான். A, B என்ற இரண்டு சப்போர்ட்டுகளுக்கு நடுவே 8 மீட்டர் பீம். A-யிலிருந்து C வரை, அதாவது முதல் 4 மீட்டருக்கு, மீட்டருக்கு 10 கிலோநியூட்டன் வீதம் யுடிஎல். A-யிலிருந்து 6 மீட்டரில் D என்ற இடத்தில் 20 கிலோநியூட்டன் பாயிண்ட் லோடு.

கேள்வி: A, C, D, B நான்கு இடங்களிலும் பெண்டிங் மொமென்ட் சரியாகக் கண்டுபிடித்தேன். அதிகபட்சம் C-யில் 60 என்று எழுதினேன். மதிப்பெண் குறைந்துவிட்டது. ஏன்?
– மூன்றாம் செமஸ்டர் சிவில் மாணவர்

உங்கள் நான்கு மதிப்புகளும் சரி. ஆனால் பீமின் அதிகபட்ச மொமென்ட் அந்த நான்கு இடங்களில் எதிலும் இல்லை. முதலில் ரியாக்‌ஷன்களைப் பார்ப்போம். A-யைச் சுற்றி மொமென்ட் எடுத்தால்:

```
R_B × 8 = 40×2 + 20×6 = 200
R_B = 25 kN,  R_A = 60 − 25 = 35 kN
```

இப்போது இடமிருந்து வலமாக நடந்து போங்கள். A-யில் ஷியர் 35-க்கு ஏறுகிறது. யுடிஎல் மீட்டருக்கு 10 வீதம் அதைத் தின்றுகொண்டே வருகிறது. C வந்து சேரும்போது 35-இல் 40 போய் −5 மிஞ்சுகிறது. A-யில் கூட்டல், C-யில் கழித்தல் என்றால் இடையில் எங்கோ அது கோட்டைக் கடந்திருக்க வேண்டும். அந்த இடம் 35-ஐ 10-ஆல் வகுத்தால் கிடைக்கும்: A-யிலிருந்து 3.5 மீட்டர். அதற்கு E என்று பெயர் வையுங்கள்.

```
M_E = 35×3.5 − 10×3.5×(3.5/2) = 122.5 − 61.25 = 61.25 kN·m
M_C = 35×4 − 40×2 = 60 kN·m
M_D = 25×2 = 50 kN·m
```

61.25-க்கும் 60-க்கும் வித்தியாசம் சிறியதுதான். ஆனால் 13 மதிப்பெண் கேள்வியில் 'அதிகபட்ச பெண்டிங் மொமென்ட்டையும் அது எங்கே வருகிறது என்பதையும் காண்க' என்று கேட்கும்போது, திருத்துபவர் தேடுவது 3.5 மீட்டர் என்ற அந்த ஒரு எண்ணைத்தான். 60 என்று எழுதினால் பெருக்கலில் பிழை என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஷியருக்கும் மொமென்ட்டுக்கும் உள்ள உறவு தெரியவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

அந்த உறவு எளியது. பிஎம்டி-யின் சரிவுதான் ஷியர். ஷியர் கூட்டலாக இருக்கும்வரை மொமென்ட் ஏறும், கழித்தலானதும் இறங்கும். ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்கும் இடம் ஷியர் பூஜ்யமாகும் இடம். எஸ்எஃப்டி-யில் A-க்கும் E-க்கும் இடையில் இருக்கும் முக்கோணத்தின் பரப்பைப் பாருங்கள்: 3.5-இல் பாதியை 35-ஆல் பெருக்கினால் அதே 61.25. மேலே போட்ட நீண்ட கணக்கை ஒரே வரியில் சரிபார்த்துவிட்டீர்கள்.

கேள்வி: ரியாக்‌ஷன் கண்டுபிடிக்கும்போது யுடிஎல்-ஐ 40 கிலோநியூட்டன் பாயிண்ட் லோடாக மாற்றுகிறோம். வரைபடத்திலும் அப்படியே வைத்துக்கொண்டால் என்ன?
– டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டு சேர்ந்தவர்

கூடாது. ரியாக்‌ஷனுக்கு முழு பீமையும் ஒரே பொருளாகப் பார்க்கிறோம். அப்போது மொத்த லோடு எவ்வளவு, அதன் மையம் எங்கே என்பது மட்டும் போதும். ஷியரும் மொமென்ட்டும் பீமை ஓர் இடத்தில் வெட்டிப் பார்த்து எழுதுவது. வெட்டுக்கு இடப்பக்கம் உண்மையில் எவ்வளவு லோடு உட்கார்ந்திருக்கிறதோ அதை மட்டும்தான் எடுக்க வேண்டும்.

நம் கணக்கில் 2 மீட்டரில் வெட்டிப் பாருங்கள். இடப்பக்கம் இருப்பது 20 கிலோநியூட்டன். அதன் மையம் வெட்டிலிருந்து 1 மீட்டர் தள்ளி. மொமென்ட் 70 − 20 = 50. முழு 40-ஐயும் அந்த இடத்திலேயே பாயிண்ட் லோடாக வைத்தால் 70 வரும். எஸ்எஃப்டி-யிலும் சாய்கோடு வர வேண்டிய இடத்தில் செங்குத்தாக ஒரு படி விழும். விடைத்தாளில் யுடிஎல் பகுதிக்குள் படிக்கட்டு தெரிந்தால் இந்தப் பிழைதான் நடந்திருக்கிறது.

வெட்டு C-யைத் தாண்டிய பிறகு முழு யுடிஎல்-உம் இடப்பக்கம் வந்துவிடும். அப்போது 40 என்று சேர்த்து எழுதலாம், தவறில்லை.

கேள்வி: என் எஸ்எஃப்டி B-யில் சரியாகப் பூஜ்யத்தில் மூடியது. அப்படியும் ரியாக்‌ஷன் தவறு என்று அடித்திருக்கிறார்கள். மூடினால் சரி என்றுதானே சொல்லிக்கொடுத்தார்கள்?
– மெக்கானிக்கல் மாணவி

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி. வகுப்பில் பலரும் அரைகுறையாகச் சொல்லிவிட்டுப் போகும் இடம் இது. நானும் பாடம் நடத்தத் தொடங்கிய காலத்தில் 'மூடினால் சரி' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு முறை விடைத்தாள் கட்டு திருத்தும்போது, தவறான ரியாக்‌ஷனோடு அழகாக மூடிய படங்கள் அடுத்தடுத்து வந்தபோதுதான் நிதானமாக யோசித்தேன்.

நம் கணக்கிலேயே யுடிஎல்-இன் மையத்தை 2 மீட்டருக்குப் பதில் 4 மீட்டர் என்று எடுத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். மாணவர்கள் அடிக்கடி செய்யும் தவறு இது.

```
R_B × 8 = 40×4 + 20×6 = 280
R_B = 35 kN,  R_A = 60 − 35 = 25 kN
```

எஸ்எஃப்டி வரையுங்கள். 25-இல் தொடங்கி C-யில் −15, D-யைத் தாண்டியதும் −35, B-யில் 35 ஏறிப் பூஜ்யம். மூடிவிட்டது! ஏன் மூடாது? R_A-வை மொத்த லோடிலிருந்து கழித்துத்தானே எடுத்தீர்கள். கூட்டினால் மொத்தம் வந்தே தீரும். அந்த மூடல் எதையும் சோதிக்கவில்லை.

உண்மையான சோதனை மொமென்ட்டில் இருக்கிறது. இடப்பக்கமிருந்தே கணக்கிட்டு B வரை போங்கள்:

```
M_B = 25×8 − 40×6 − 20×2 = −80
```

பூஜ்யம் வரவில்லை, பிழை வெளியே வந்துவிட்டது. சரியான ரியாக்‌ஷனோடு போட்டால் 280 − 240 − 40 = 0. அரை நிமிட வேலை. இன்னொரு வழியும் உண்டு: C-யின் மொமென்ட்டை இரண்டு பக்கமிருந்தும் போடுங்கள். சரியான கணக்கில் இடப்பக்கமும் 60, வலப்பக்கமும் 25×4 − 20×2 = 60. தவறான கணக்கில் ஒரு பக்கம் 20, மறுபக்கம் 100. எஸ்எஃப்டி வரைவதற்கு முன்பே இதைச் செய்துவிட்டால் அடித்து எழுதும் வேலை மிச்சம்.

கேள்வி: யுடிஎல் பகுதியில் பிஎம்டி பாரபோலா என்று தெரியும். எந்தப் பக்கம் வளைக்க வேண்டும் என்பதில் ஒவ்வொரு முறையும் குழப்பம்.
– கோவையிலிருந்து ஒருவர்

மனப்பாடம் செய்ய வேண்டாம், எஸ்எஃப்டி-யைப் பார்த்தே வளையுங்கள். A-யில் ஷியர் 35, எனவே வளைவு அங்கே மிகச் செங்குத்தாக எழும்ப வேண்டும். E-யை நெருங்க நெருங்க ஷியர் குறைகிறது, வளைவு படுக்கத் தொடங்கும். E-யில் முழுக்கப் படுத்திருக்கும். பிறகு மெதுவாகக் கீழே சாயும். கூட்டல் மொமென்ட்டைக் கோட்டுக்கு மேலே வரைந்தால், கவிழ்த்த கிண்ணம் போன்ற வடிவம் தானாக வந்துவிடும்.

கொஞ்சம் நுணுக்கமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். C-யில் பாரபோலா முடிந்து நேர்கோடு தொடங்குகிறது. பலரும் அங்கே ஒரு முனை வைத்து உடைக்கிறார்கள். C-யில் பாயிண்ட் லோடு எதுவும் இல்லை. இருபுறமும் ஷியர் −5 தான். சரிவு ஒன்றே என்பதால் வளைவு நேர்கோட்டுக்குள் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், முனை தெரியக்கூடாது. D-யில் நிலைமை வேறு. அங்கே ஷியர் −5-லிருந்து −25-க்குக் குதிக்கிறது, ஆகவே படத்தில் கட்டாயம் ஒரு முனை இருக்கும். இந்த இரண்டு இடங்களையும் சரியாக வரைந்த படத்தைப் பார்த்தாலே புரிந்து வரைந்தவர் என்று தெரிந்துவிடும்.

கேள்வி: யுடிஎல்-க்குப் பதில் முக்கோண லோடு வந்தால்?

முறை மாறாது, வளைவுகள் மட்டும் ஒரு படி ஏறும். 6 மீட்டர் பீமில் A-யில் பூஜ்யமாகத் தொடங்கி B-யில் மீட்டருக்கு 12 கிலோநியூட்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த லோடு 36, மையம் A-யிலிருந்து 4 மீட்டர். R_A = 12, R_B = 24.

```
V = 12 − x²
V = 0  →  x = √12 = 3.46 m
M = 12x − x³/3 = 27.7 kN·m
```

நடுவில், அதாவது 3 மீட்டரில், அதிகபட்சம் என்று எழுதிவிடாதீர்கள். எஸ்எஃப்டி இங்கே பாரபோலா. A-யில் லோடு பூஜ்யம் என்பதால் அங்கே படுக்கையாகத் தொடங்கி B-யை நெருங்கும்போது செங்குத்தாக விழும்.

கேள்வி: பீமின் நடுவில் கப்பிள் மட்டும் கொடுத்தால் எஸ்எஃப்டி-யில் எதைக் காட்டுவது?
– அரியர் எழுதப்போகும் மாணவர்

கப்பிள் இருக்கும் இடத்தில் எஸ்எஃப்டி-யில் எதுவும் நடக்காது. குதிப்பு பிஎம்டி-யில்தான். 6 மீட்டர் பீமின் நடுவில் கடிகாரத் திசையில் 12 கிலோநியூட்டன்-மீட்டர் கப்பிள் என்றால், அதை எதிர்க்க A-யில் 2 கீழ்நோக்கியும் B-யில் 2 மேல்நோக்கியும் ரியாக்‌ஷன் வரும். ஷியர் முழு நீளத்துக்கும் −2, ஒரே நேர்கோடு. மொமென்ட் A-யிலிருந்து இறங்கி நடுவில் −6 ஆகி, அங்கேயே செங்குத்தாக +6-க்கு ஏறி, பிறகு B-யில் பூஜ்யத்துக்கு வரும். குதிப்பின் உயரம் 12, கொடுத்த கப்பிளும் 12. A-யின் ரியாக்‌ஷன் கீழ்நோக்கி வருகிறதே என்று பயந்து குறியை மாற்றிவிடாதீர்கள், அது சரிதான்.

ஆனால் ஓவர்ஹாங்கும் கப்பிளும் இல்லாத, கீழ்நோக்கிய லோடு மட்டும் உள்ள சிம்ப்ளி சப்போர்ட்டட் பீமில் எங்காவது மொமென்ட் கழித்தலாக வந்தால், உடனே நிறுத்தி ரியாக்‌ஷனைத் திரும்பப் பாருங்கள். அப்படிப்பட்ட பீமில் மொமென்ட் குறி மாறவே மாறாது. கான்ட்ராஃப்ளெக்ஷர் புள்ளியைத் தேடி நேரம் கழிக்கவும் வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஆசிரியரின் குறி மரபும் நான் படிக்கும் புத்தகத்தின் குறி மரபும் வேறு வேறு. விடைத்தாளில் எதை எழுதுவது?

எதை எடுத்தாலும் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்: 'வெட்டுக்கு இடப்பக்கம் மேல்நோக்கிய விசை கூட்டல், பீமைத் தொய்ய வைக்கும் மொமென்ட் கூட்டல்.' நான் மேலே போட்ட கணக்கெல்லாம் இந்த மரபில்தான். பிறகு கடைசிவரை மாற்றாதீர்கள்.

படங்களைப் பொறுத்தவரை லோடு படம், எஸ்எஃப்டி, பிஎம்டி மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே நீள அளவில் வர வேண்டும். 1 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் போதும். எஸ்எஃப்டி-யில் கோடு கடக்கும் E-யிலிருந்து பிஎம்டி வரை ஒரு புள்ளிக்கோடு இறக்கி, பக்கத்தில் 3.5 மீட்டர் என்றும், கீழே 61.25 என்றும் அலகோடு எழுதுங்கள். அந்தக் கோடு பிஎம்டி-யின் உச்சியில் போய் விழவில்லை என்றால் இரண்டு படங்களில் ஒன்று தவறு.