பின்னால் விட்டால் கழுத்தை இறுக்கும், தலையில் போட்டால் கூம்பாக நிற்கும்: ஹூட் பற்றிக் கேளுங்கள்

திருப்பூரில் இருபது வருடத்துக்கு மேலாகப் பேட்டர்ன் போடுகிறேன். அதில் பாதிக்கு மேல் ஹூடிதான். ஹூட் வெட்டுவது, தைப்பது, உட்காருவது பற்றி எதுவானாலும் கேளுங்கள். நான் சொல்லும் அளவெல்லாம் தையலுக்கு இடம் விடாத அளவு. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்.

வீட்டில் தைக்கும் ஒரு அக்கா, கோவை: மகனுக்கு 300 ஜிஎஸ்எம் பிளீஸில் ஹூடி தைத்தேன். ஹூட்டைப் பின்னால் விட்டால் தொண்டையை இறுக்குதுங்கறான். கழுத்தளவு சரியாத்தான் இருக்கு.

அக்கா, முதலில் ஒரு சோதனை. தம்பிக்கு ஹூடியைப் போட்டுவிட்டு, பின்னால் தொங்கும் ஹூட்டை உங்கள் உள்ளங்கையில் ஏந்திக்கொள்ளுங்கள். உடனே முன்கழுத்து தளர்ந்தால், இழுப்பது ஹூட்டின் எடை. ஏந்திய பிறகும் இறுக்கம் இருந்தால் முன்கழுத்தின் இறக்கம் போதவில்லை. இரண்டும் வேறு வேறு கோளாறு, மருந்தும் வேறு.

எடைதான் காரணம் என்று வைத்துக்கொள்வோம். 36 செ.மீ. உயரம், 26 செ.மீ. அகலத்தில் இரண்டு பேனல் வெட்டியிருப்பீர்கள். உள்ளேயும் அதே பிளீஸ் வைத்திருந்தால் மொத்தம் நான்கு துண்டு, ஏறக்குறைய 112 கிராம். உள் துணியை 160 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சியாக மாற்றினால் 86 கிராமுக்கு வந்துவிடும். அந்த 26 கிராம் முழுக்கப் பின்கழுத்துத் தையலைத்தான் பிடித்துத் தொங்குகிறது. தம்பிக்கு வித்தியாசம் தெரியும்.

அடுத்தது பின்கழுத்து டேப். பனியன் துணி எடை பட்டால் நீளும். பின்கழுத்துத் தையல் நீள நீள ஹூட் முதுகில் இறங்கும், அது இறங்கின அளவுக்கு முன்கழுத்து மேலே ஏறித் தொண்டையில் உட்காரும். ஒரு தோள் தையலிலிருந்து மறு தோள் தையல் வரை, இழுக்காமல், நீளாத டேப் ஒன்றை வைத்துத் தைத்துவிடுங்கள். கடை ஹூடிகளில் அந்த இடத்தில் பட்டையாக ஒன்று தெரியுமே, அது அழகுக்கு மட்டும் வைத்ததில்லை.

இந்த இரண்டையும் செய்து பார்த்த பிறகே முன்கழுத்தில் கத்தரி வையுங்கள். 1 செ.மீ. இறக்கினால் போதும். இறக்கினால் கழுத்துச் சுற்றும் கூடும், அதனால் ஹூட்டின் அடிப்பக்கத்தையும் மறுபடி அளந்து ஒப்பிட வேண்டும். வெட்டிய துணி திரும்ப வராது, ஆகவே இது கடைசி வேலை.

ஃபேஷன் டிசைன் மாணவி: மாஸ்டர், நான் போட்ட பேட்டர்னில் ஹூட் தலையில் போட்டதும் பின்னந்தலையில் கூம்பு மாதிரி நிக்குது. அளவை எப்படி எடுப்பது?

பாப்பா, மூலையைச் சதுரமாக விட்டிருப்பாய். இரண்டு தட்டையான துண்டை மூலையோடு சேர்த்துத் தைத்தால் அந்த மூலை கூராக வெளியே நிற்கத்தான் செய்யும். தலை அந்த இடத்தில் உருண்டையாக இறங்குகிறது, பிடரியில் குழிந்து உள்ளே போகிறது. பேட்டர்னும் அப்படியே போக வேண்டும்.

சமீபத்தில் செய்த ஒரு சாம்பிளையே சொல்கிறேன். முன்கழுத்துக் குழியில் டேப்பை வைத்து, காதோரமாக ஏற்றி, உச்சிக்கு மேல் கொண்டுபோய், மறுபக்கம் இறக்கி அதே குழியில் முடித்தேன். 68 செ.மீ. வந்தது. பாதி 34, அதோடு 2 சேர்த்து உயரம் 36. அகலம் 26. உடம்பின் கழுத்துச் சுற்று 49, பாதி 24.5, முன்னால் ஒன்றன்மேல் ஒன்று ஏற 1 செ.மீ. சேர்த்து ஒரு பேனலின் அடி 25.5. மேல் பின்மூலையில் இரு பக்கமும் 10 செ.மீ. தள்ளிப் புள்ளி வைத்து, அங்கிருந்து வளைத்தேன். பின்தையலைப் பிடரி மட்டத்தில் 2 செ.மீ. உள்ளே இழுத்து, கழுத்துக்கு வரும்போது மறுபடி வெளியே கொண்டுவந்தேன்.

தைத்த பிறகு ஹூட்டைப் போட்டு, உச்சிக்குப் பின்னால் வெறுமனே நிற்கும் துணியை இரண்டு விரலால் கிள்ளிப் பார். 1 செ.மீ. கிள்ள வந்தால் அது இருக்க வேண்டிய தளர்வு. 3 செ.மீ. வந்தால் 2 செ.மீ. குறைக்கலாம். கிள்ள வருவதை எல்லாம் வெட்டிவிடாதே! தளர்வே இல்லாத ஹூட் முடியை அமுக்கித் தலையைச் சப்பையாகக் காட்டும். குனிந்து முகவாயை நெஞ்சில் வைக்கச் சொல். ஹூட்டின் முன்விளிம்பு நெற்றி முடிக்குப் பின்னால் வழுக்கிப் போனால் உயரம் போதவில்லை.

மெர்ச்சண்டைசர் ஒருவர்: வளைவை ஒழுங்காப் போட்டா ரெண்டு பேனலே போதும் மாஸ்டர். மூணு பேனல்னு சொல்லி சாம்பிள் ரூமில் காசைத்தான் ஏத்தறாங்க.

பாதி சரி சார். லேசான ஜெர்சி, 240 ஜிஎஸ்எம் லூப்நிட் என்றால் வளைவே பார்த்துக்கொள்ளும், துணி தலைமேல் படிந்துவிடும். கனமான பிளீஸில் அப்படி இல்லை. நடுத்தையல் உச்சியில் முகடாக நிற்கும், பின்னால் விட்டால் முதுகில் முக்கோண வால் போலத் தொங்கும்.

மேலே சொன்ன அதே ஹூட்டை மூன்று பேனலாக மாற்றினால்: நடுப்பட்டை உச்சியில் 8 செ.மீ., கழுத்தில் 6. பட்டையில் பாதியைப் பக்க பேனலிலிருந்து கழிக்க வேண்டும், அதனால் பக்க பேனல் உயரம் 32, அகலம் 22. முன்னால் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வைத்தால் அடி 24.5-இல் 3 போக 21.5. பட்டையின் நீளத்தைக் கணக்குப் போட்டு எடுக்காதீர்கள். பக்க பேனலின் வளைவில் டேப்பை நிறுத்திவைத்து அளங்கள், ஏறக்குறைய 50 வரும். இதைப் பின்னால் விட்டால் ஆழமில்லாத கிண்ணம் போலப் பிடரியில் உட்காரும், வால் இருக்காது.

செலவு கூடும் என்பது உண்மை. ஒரு வளைவுத் தையலுக்குப் பதில் இரண்டு, உள் துணியிலும் இரண்டு. ஆனால் துணியும் கூடும் என்று யாராவது சொன்னால் ஏற்க மாட்டேன். துண்டுகளைத் துணியில் அடுக்கி வரையும் மார்க்கரில் 8 செ.மீ. பட்டை, கைத் துண்டின் ஓரமாகவே பல சமயம் உட்கார்ந்துவிடும்.

சாம்பிள் டெய்லர்: நடுவில் வர்றேன், மன்னிக்கணும். மூணு பேனல் தைக்கிறவன் நான். 320 பிளீஸில் ரெண்டு தையலும் தடிச்சு, தலை பெட்டி மாதிரி தெரியுது. உருண்டை எங்கே வருது?

நீங்கள் சொல்வதை நானும் பார்த்திருக்கிறேன். பட்டை 10, 12 என்று அகலமாகப் போனால் தலை மேல் சதுரமாகத்தான் தெரியும். உச்சியில் 8-க்கு மேல் போகாமல், தையலின் உள்விளிம்பை விரித்து இருபக்கமும் மடித்து மேல்தையல் போட்டால் தடிப்பு படியும்.

அதே மெர்ச்சண்டைசர்: பார்த்தீங்களா, இன்னும் ரெண்டு மேல்தையல். பீஸ் ரேட் யார் தருவா? எங்க பையர் ரெண்டு பேனல்தான் வருஷக்கணக்கா எடுக்கறார், ஒரு புகார் இல்லை.

புகார் வராததும் நன்றாக உட்காருவதும் ஒன்றில்லை சார். வாங்கினவர் ஹூட்டைத் தலையில் போடாமலே பின்னால் விட்டுத் திரிந்தால் புகார் எப்படி வரும்? உங்கள் விலைக்கு இரண்டு பேனல் சரி என்றால் செய்யுங்கள். மூலையை மட்டும் வளைத்துக் கொடுங்கள். டெய்லர் தம்பி சொல்லும் பெட்டித் தோற்றம் 320-இல் முழுக்கப் போகும் என்று நானும் சொல்ல மாட்டேன்.

ஒரு அம்மா: பொண்ணுக்கு இடுப்பு வரை முடி. கொண்டை போட்டு ஹூட் போட்டா பின்னால புடைச்சு, முன்னால நெத்தி தெரியுது.

கொண்டை எங்கே இருக்கிறதோ அங்கேதான் இடம் கொடுக்க வேண்டும் அம்மா. பலரும் உயரத்தைக் கூட்டுவார்கள். அப்படிச் செய்தால் கொண்டை இல்லாத நாளில் கூம்பு நிற்கும். கொண்டையோடு அளவெடுங்கள்: நெற்றி முடியிலிருந்து கொண்டைக்கு மேலாகப் பிடரி வரை ஒரு அளவு, கொண்டை இல்லாமல் ஒரு அளவு. வித்தியாசம் 6 செ.மீ. என்றால் அகலத்தில் 3 கூட்டி, மூன்று பேனலாக வெட்டி, நடுப்பட்டையைக் கொண்டை மட்டத்தில் மட்டும் 2 செ.மீ. அகலப்படுத்துங்கள். தாழ்ந்த கொண்டையானால் பின்தையலில் பிடரிக்கு உள்ளே இழுப்பதை விட்டுவிடுங்கள். பின்னல் போட்டு ஹூட்டுக்கு வெளியே விடுகிற பெண்ணுக்கு இது எதுவும் தேவையில்லை.

ஒரு வாசகர்: துறவிகளோட அங்கியில் வர்ற முக்காடுதான் ஹூடிக்கு மூலமா?

வரலாறு என் துறை இல்லை. உடை வரலாறு படித்தவரிடம் கேளுங்கள்.

புதிதாக யூனிட் தொடங்கியவர்: மூணு வயசுக் குழந்தை ஹூடிக்கு நாடா எவ்வளவு நீளம் விடணும்?

விடவே கூடாது. ஐரோப்பாவுக்குப் போகிற துணிக்கு இஎன் 14682 என்ற பாதுகாப்புத் தரநிலை இருக்கிறது; 7 வயது வரை ஹூட்டிலும் கழுத்திலும் நாடாவே கூடாது. அமெரிக்காவில் 2டி முதல் 12 வரையான அளவுகளில், மேலே போடும் உடையின் ஹூட்டிலோ கழுத்திலோ இழுநாடா இருந்தால் ஆபத்தான பொருள் என்று 2011-இலேயே விதி வந்துவிட்டது. சறுக்குமரத்தின் இடுக்கில் நாடா மாட்டிக் குழந்தைகள் இறந்த பிறகு எழுதப்பட்டவை இவை. உள்ளூர்ச் சந்தைக்குத்தானே என்று நினைக்காதீர்கள், நம் பிள்ளைகளும் சறுக்குமரத்தில்தான் விளையாடுகிறார்கள். நாடா இல்லாமல் ஹூட் நிற்க, முன்விளிம்பில் ரிப் வைத்துத் தையுங்கள். போலி நாடாவும் வேண்டாம்.

பைக்கில் போகிறவர்: குளிருக்கு ஹூட் மேல ஹெல்மெட் போடலாமா?

கூடாது. ஹூட் துணியும் தையலும் உள்ளே மடிந்து ஹெல்மெட் தலையில் இறுக்கமாக உட்காராது. ஹூட்டைப் பின்னால் விட்டு, கழுத்துக்கு வேறு துணி சுற்றுங்கள்.

மற்றொருவர்: ஹூட் பின்னால கூர்மையா நிக்குது, என்ன பண்ணலாம்?

மாணவிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். மூலையை வளையுங்கள்.

இன்னொருவர்: ரெடிமேட் ஹூடி, தலையில கூம்பு மாதிரி இருக்கு. தைச்சு சரி பண்ண முடியுமா?

அதே பதில்தான். கூடுதலாக ஒன்று: உட்பக்கம் திருப்பி, பழைய தையலுக்கு உள்ளே புது வளைவைச் சாக்பீஸால் வரைந்து முதலில் நூலோட்டம் போட்டு, அணிந்து பார்த்த பிறகு மெஷின் தையல் போடுங்கள். உள் துணியையும் அதே அளவு குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் உள்ளே மூட்டை கட்டும்.

மழைக்கோட்டு விற்பவர்: எங்க கோட்டில் தலையைத் திருப்பினா ஹூட் அங்கேயே நிக்குது, ஒரு கண்ணை மறைக்குதுன்னு சொல்றாங்க.

மழைக்கோட்டுத் துணி நீளாது, பனியன் போல இழுபடாது. அதனால் ஹூட் தலையைப் பிடிக்கும் இடம் ஒன்று வேண்டும். பின்னந்தலையில், காதுக்கு மேல் மட்டத்தில், குறுக்காக ஒரு பட்டை வைத்து இறுக்கிக்கொள்ளும்படி செய்தால் தலையோடு சேர்ந்து திரும்பும். ஏற்கெனவே தைத்த கோட்டுகளில் அதே இடத்தில் உள்ளே 10 செ.மீ. எலாஸ்டிக்கை இழுத்துப் பிடித்துத் தைத்துப் பாருங்கள். தைத்த ஊசித்துளை வழியே தண்ணீர் இறங்கும். அதன்மேல் சீம் டேப் ஒட்டிவிடுங்கள்.

யூனிட் தொடங்கியவர் மறுபடி: 5 வயசுக்கு சின்னதா நாடா?

கூடாதுங்க.