வேகமா, திசைவேகமா, வெலாசிட்டியா?

"ஏஐ எழுதும் தமிழ் இயற்பியல் விளக்கத்தில் ஒரு வரியில் திசைவேகம், அடுத்த வரியில் வெலாசிட்டி என்று வருகிறதே, அப்படியே பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். வெலாசிட்டி வந்தால்கூடச் சமாளிக்கலாம். நடுவில் ‘வேகம்’ நுழைவதுதான் ஆபத்து. பாடநூலில் அது திசையைக் கணக்கில் எடுக்காத வேறு அளவு.

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் பஸ்ஸில் போய்த் திரும்பி வர மொத்தம் ஒரு மணி நேரம் ஆகிறது. போகவர 40 கி.மீ. என்று வையுங்கள். சராசரி வேகம் மணிக்கு 40 கி.மீ. ஆனால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டதால் சராசரி திசைவேகம் பூஜ்யம். மார்த்தாண்டத்தில் டியூஷன் எடுக்கும் எனக்கு வந்த, ஏஐ எழுதிய தாளில் "சராசரி வேகம் பூஜ்யம்" என்றிருந்தது. ஓடிய பஸ்ஸுக்கு வேகமே இல்லையாம்!

ஏஐ படித்த தமிழில் பாடநூல், செய்தி, பேச்சு எல்லாம் கலந்து கிடக்கின்றன. அடுத்து வரத்தக்க சொல்லை ஊகித்தே எழுதுகிறது. ஒரு கருத்துக்கு ஒரே சொல் என்ற கட்டு அதற்கில்லை.

கேட்கும்போதே பாடநூல் சொற்களைப் பட்டியலாகக் கொடுத்துவிடுங்கள். விளக்கம் நீண்டால் மறுபடி நழுவும், ஆகவே தேடிப் பாருங்கள். ‘வேகம்’ என்று தேடினால் ‘வேகத்தை’ அகப்படாது. ‘வேக’ என்று தேடி, முன்னால் ‘திசை’ இல்லாத இடங்களை நிறுத்திப் படியுங்கள்.