கால்குலேட்டர் சொல்லும் கோணமும் கலப்பெண்ணின் வீச்சும்

"சார், நண்பனுடைய நோட்டில் இருந்த கலப்பெண் கணக்குகளைப் போனில் படம் எடுத்து வைத்துப் படிக்கிறேன். z₁ = −1 + i√3, z₂ = −1 + i இரண்டையும் துருவ வடிவத்துக்கு மாற்றிப் பெருக்க வேண்டும். கால்குலேட்டரில் tan⁻¹ போட்டால் எனக்கு −60°, −45° வருகிறது. படத்தில் 2π/3, 3π/4 என்று இருக்கிறது. ஆனால் பெருக்கலின் கடைசி விடை இரண்டு பேருக்கும் ஒன்றாகவே வருகிறது. அப்படியென்றால் என் முறையும் சரிதானே? இன்னொன்று, அடுத்த கணக்கில் z₁-ஐ √3 + i-ஆல் பெருக்கியிருக்கிறார்கள். அதன் விடையில் கோணம் 5π/6-ஆ, 5π/8-ஆ என்று படத்தில் தெளிவாக இல்லை. எது?"

உங்கள் கடைசி விடை சரி. அதற்கு வந்த வழி தவறு. இரண்டு இடத்தில் தவறு நடந்திருக்கிறது, அந்த இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிட்டன. நோட்டில் இருக்கிற 2π/3, 3π/4 இரண்டும்தான் சரியான வீச்சுகள்.

இதை நம்புவதற்கு என் வார்த்தை தேவையில்லை, நீங்களே சோதித்துப் பார்க்கலாம். z₁-இன் மட்டு மதிப்பு √(1 + 3) = 2. இதில் உங்களுக்கும் நோட்டுக்கும் வேறுபாடு இல்லை. இப்போது உங்கள் கோணத்தைப் போட்டு, துருவ வடிவத்திலிருந்து பழைய வடிவத்துக்குத் திரும்பி வாருங்கள்:

2(cos(−60°) + i sin(−60°)) = 2(1/2 − i√3/2) = 1 − i√3

நாம் கிளம்பியது −1 + i√3-இலிருந்து. வந்து சேர்ந்தது அதன் நேர் எதிர்ப்புள்ளிக்கு. இரண்டு குறிகளும் மாறிவிட்டன, அதாவது நீங்கள் எழுதியது −z₁-இன் துருவ வடிவம். z₂-க்கும் இதேதான்: √2(cos(−45°) + i sin(−45°)) என்பது 1 − i. அதுவும் −z₂.

இப்போது விடை ஏன் ஒத்துப்போனது என்பது புரிந்திருக்கும். (−z₁)(−z₂) என்பதும் z₁z₂ என்பதும் ஒன்றுதான். கோணமாகப் பார்த்தால், ஒவ்வொன்றிலும் 180° பிசகியது. இரண்டு 180° சேர்ந்தால் 360°, ஒரு முழுச் சுற்று. முழுச் சுற்று சுற்றினால் கிளம்பிய இடத்துக்கே வந்துவிடுவோம், அதனால் பிசகு வெளியே தெரியவில்லை. இன்னும் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: z₁-ஐ z₂-ஆல் வகுத்தாலும் இது தெரியாது, z₁-ஐ வர்க்கப்படுத்தினாலும் தெரியாது. ஆனால் z₁-இன் கனத்தைக் கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள். சரியான கோணம் 120°. அதன் மூன்று மடங்கு 360°, விடை 8. உங்கள் கோணத்தின் மூன்று மடங்கு −180°, விடை −8. தவறான காரணி ஒற்றைப்படை எண்ணிக்கையில் வரும்போதெல்லாம் விடையின் குறி புரண்டுவிடும்.

சரி, கால்குலேட்டர் பொய் சொன்னதா? இல்லை. நீங்கள் அதனிடம் கேட்ட கேள்வியிலேயே பாதித் தகவல் தொலைந்துபோனது. −1 + i√3-க்கு y/x என்பது √3/(−1) = −√3. 1 − i√3-க்கு y/x என்பது −√3/1 = −√3. இரண்டு புள்ளிகளும் ஆதிப்புள்ளிக்கு எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கின்றன, ஆனால் வகுத்தவுடன் ஒரே எண்ணாகிவிடுகின்றன. குறைக்குறி மேலே இருந்ததா கீழே இருந்ததா என்பது வகுத்த பிறகு யாருக்கும் தெரியாது. tan⁻¹ −90°-க்கும் 90°-க்கும் இடைப்பட்ட கோணத்தை மட்டும்தான் தரும். அதாவது y அச்சுக்கு வலப்புறம் இருக்கிற புள்ளிகளுக்குச் சரியாகச் சொல்லும். இடப்புறம் இருக்கிற எந்தப் புள்ளிக்கும், அதாவது மெய்ப்பகுதி குறை எண்ணாக இருக்கிற எந்தக் கலப்பெண்ணுக்கும், அது எதிர்ப்புள்ளியின் கோணத்தைத்தான் சொல்லும். உங்கள் கணக்கில் இரண்டு எண்களின் மெய்ப்பகுதியும் −1.

அதனால் குறியை tan⁻¹-க்குள் கொண்டுபோகவே வேண்டாம். முதலில் ஆர்கன் தளத்தில் புள்ளியைக் குறியுங்கள். அளவாக வரைய வேண்டும் என்பதில்லை, எந்தக் கால்பகுதி என்று தெரிந்தால் போதும். z₁-க்கு இடப்பக்கம் ஒன்று, மேலே √3, ஆக இரண்டாம் கால்பகுதி. அப்புறம் குறிகளை விட்டுவிட்டு அளவுகளை மட்டும் வைத்து α = tan⁻¹(√3/1) = π/3 என்று எடுங்கள். இது புள்ளிக்குப் போகிற கோட்டுக்கும் x அச்சுக்கும் இடையிலான குறுங்கோணம், எப்போதும் மிகை எண். கடைசியாக, கால்பகுதியைப் பார்த்து வீச்சு θ-ஐ எழுதுங்கள். முதல் கால்பகுதியில் θ = α, இரண்டாவதில் π − α, மூன்றாவதில் α − π, நான்காவதில் −α. இதை மனப்பாடம் செய்வதைவிடப் படத்திலிருந்து படிப்பது நல்லது. இரண்டாம் கால்பகுதியில் நேராக இடப்பக்கம் பார்த்தால் π, அதிலிருந்து α அளவு மேலே தூக்கியிருக்கிறது, எனவே π − α. z₁-க்கு π − π/3 = 2π/3. z₂-க்கு α = π/4, அதுவும் இரண்டாம் கால்பகுதி, எனவே 3π/4. நோட்டில் இருப்பதும் இவைதான்.

புள்ளி y அச்சின் மேலேயே இருந்தால், உதாரணமாக 3i, அங்கே வகுக்கவே முடியாது. படத்தைப் பார்த்து π/2 என்று எழுதிவிட வேண்டியதுதான்.

இனிப் பெருக்கல். துருவ வடிவத்தில் மட்டு மதிப்புகளைப் பெருக்க வேண்டும், வீச்சுகளைக் கூட்ட வேண்டும். கோணங்கள் ஏன் கூடுகின்றன என்று ஒருமுறை விரித்துப் பார்த்துவிட்டால் சூத்திரம் மறக்காது. (cos A + i sin A)(cos B + i sin B) என்பதை விரித்தால் மெய்ப்பகுதியில் cos A cos B − sin A sin B வருகிறது. அந்தக் குறைக்குறி i² = −1 கொடுத்தது. இது cos(A + B). கற்பனைப் பகுதியில் sin A cos B + cos A sin B, அது sin(A + B). பத்தாம் வகுப்பு தாண்டியதும் படித்த கூட்டுக்கோணச் சூத்திரங்களேதான், புதிதாக எதுவும் இல்லை.

உங்கள் கணக்கில் மட்டு மதிப்பு 2 × √2 = 2√2. வீச்சு 2π/3 + 3π/4 = 8π/12 + 9π/12 = 17π/12. இது 255°. முதன்மை வீச்சு −π-ஐவிடப் பெரிதாகவும், π-க்கு மிகாமலும் இருக்க வேண்டும். 17π/12 அந்த எல்லையைத் தாண்டிவிட்டது, எனவே 2π-ஐக் கழிக்கிறோம்: 17π/12 − 24π/12 = −7π/12. நோட்டில் கடைசி வரிக்கு முன்னால் இந்தக் கழித்தல் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வழியில் −60° − 45° = −105° என்று நேராக வந்துவிட்டதால், இந்தப் படி உங்களுக்குத் தேவைப்படவே இல்லை. அதுவே ஒரு துப்பு. இரண்டாம் கால்பகுதியில் இருக்கிற இரண்டு எண்களைப் பெருக்கினால் கோணங்களின் கூட்டுத்தொகை 180°-க்கு மேலே போயே தீரும். கழிக்க வேண்டிய தேவையே வரவில்லை என்றால் முந்தைய வரிகளைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

விடையைச் சரிபார்க்க, கோணங்களை மறந்துவிட்டு நேரடியாகப் பெருக்குங்கள்:

(−1 + i√3)(−1 + i) = 1 − i − i√3 − √3 = (1 − √3) − i(1 + √3)

தோராயமாக −0.732 − 2.732i. இரண்டு பகுதியும் குறை எண், ஆக மூன்றாம் கால்பகுதி. −105° அங்கேதான் விழுகிறது. மட்டு மதிப்பின் வர்க்கம் (1 − √3)² + (1 + √3)² = 8, எனவே மட்டு மதிப்பு 2√2. எல்லாம் பொருந்துகிறது. இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது, நான் எந்தப் பெருக்கல் கணக்கையும் இதைச் செய்யாமல் முடிப்பதில்லை.

ஆனால் இதே சோதனை பெருக்கலின் விடையை மட்டும்தான் காப்பாற்றும். உங்கள் தவறு இதில் அகப்பட்டிருக்காது என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் z₁, z₂ ஒவ்வொன்றையும் எழுதியவுடனே, தொடக்கத்தில் செய்ததுபோல, பழைய வடிவத்துக்குத் திருப்பிப் பார்க்கச் சொல்கிறேன்.

கால்குலேட்டரையே பயன்படுத்த வேண்டுமென்றால், பொறியியல் மாணவர்கள் வைத்திருக்கும் சயின்டிஃபிக் கால்குலேட்டர்களில் பெரும்பாலும் Pol( என்று ஒன்று இருக்கும். அதில் x, y இரண்டையும் தனித்தனியாகக் கொடுக்கிறோம், வகுத்துக் கொடுப்பதில்லை. எனவே குறிகள் தொலையாது. Pol(−1, √3) போட்டால் 2, 120 என்று சரியாகத் தரும். ரேடியனில் வைத்திருந்தால் 120-க்குப் பதில் 2.094 காட்டும், அது 2π/3-தான்.

இப்போது தெளிவில்லாத அந்தக் கோணம். √3 + i முதல் கால்பகுதியில் இருக்கிறது, மட்டு மதிப்பு 2, வீச்சு π/6. z₁-உடன் பெருக்கினால் 2π/3 + π/6 = 4π/6 + π/6 = 5π/6. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கத் தேவையே இல்லை. பகுதியில் 3-உம் 6-உம் இருக்கிற இரண்டு பின்னங்களைக் கூட்டினால் 8 வர வழியில்லை. நேரடியாகப் பெருக்கினால் −2√3 + 2i, அதாவது 4(cos 5π/6 + i sin 5π/6). இங்கே உங்கள் −60°-ஐப் போட்டுப் பாருங்கள்: −60° + 30° = −30°, அதாவது 2√3 − 2i. ஒரே ஒரு காரணி மட்டும் தவறாக இருப்பதால் இந்த முறை தவறு மறையவில்லை, குறி இரண்டும் புரண்டு நிற்கின்றன.

படத்தைப் பார்த்துப் படிக்கும்போது இன்னொரு இடத்தையும் கவனியுங்கள். நோட்டின் மடிப்பிலோ நிழலிலோ −1-இன் குறைக்குறி மறைந்து 1 + i√3 என்று தெரிந்தால், மட்டு மதிப்பை எழுதிய வரி உங்களுக்கு உதவாது. வர்க்கப்படுத்தும்போது குறி போய்விடுகிறது, இரண்டுக்கும் 2-தான் வரும். வீச்சு எழுதிய வரியைத்தான் பார்க்க வேண்டும். அங்கே π − π/3 என்று இருந்தால், புள்ளி இரண்டாம் கால்பகுதியில் இருக்கிறது, எனவே கேள்வியில் −1 இருந்திருக்கிறது. வெறும் π/3 என்று இருந்தால் 1. அந்த வரியும் மங்கலாக இருந்தால், பெருக்கலின் விடையிலிருந்து பின்னோக்கி வாருங்கள்: விடையின் வீச்சிலிருந்து மற்ற எண்ணின் வீச்சைக் கழித்தால் z₁-இன் வீச்சு கிடைத்துவிடும். 5π/6 − π/6 = 2π/3.