பெட்ஜில நூல் நூலா வருது, ரிட்ராக்‌ஷன் எவ்ளோ வைக்கணும்?

*"சார், எண்டர் 3 வி2 3டி பிரிண்டர் வச்சிருக்கேன், எக்ஸ்ட்ரூடர் பழைய பௌடன் செட்டப்தான். பிஎல்ஏ சுத்தமா வருது, பெட்ஜி போட்டா ரெண்டு பார்ட்டுக்கு நடுவுல சிலந்தி வலை மாதிரி நூல். 245 டிகிரி, ரிட்ராக்‌ஷன் 5 மிமீ, ஸ்பீடு செகண்டுக்கு 45 மிமீ. 8 மிமீ வரைக்கும் ஏத்திப் பாத்துட்டேன், நூல் போகல, நாஸில் அடைச்சதுதான் மிச்சம். என்ன பண்ணலாம்?"*

முதல்ல 8 மிமீல இருந்து கீழ இறங்குங்க, அடைப்புக்கு பெரும்பாலும் அதுதான் காரணமா இருக்கும். ரிட்ராக்‌ஷன் செய்ற வேலை ஒண்ணே ஒண்ணுதான், ஃபிலமெண்டைக் கொஞ்சம் பின்னாடி இழுத்து நாஸில் உள்ள தேங்கி நிக்கிற ப்ரெஷரை இறக்கி விடுறது. உருகின பிளாஸ்டிக் மொத்தத்தையும் அது மேல உறிஞ்சிடாது. ப்ரெஷர் இறங்கின பிறகும் ஒழுகுதுன்னா காரணம் வேற இடத்துல இருக்கு, நீங்க மிமீயை ஏத்த ஏத்த, பாதி உருகின ஃபிலமெண்ட் மேல இருக்கிற கூலான ஏரியாவுக்குப் போய் அங்கேயே இறுகி அடைச்சுக்கும்.

அதனால ரிட்ராக்‌ஷனைத் தொடுறதுக்கு முன்னாடி ஃபிலமெண்ட் ஈரமா இருக்கான்னு பாருங்க. பெட்ஜி காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும், அந்தத் தண்ணி நாஸில்ல நீராவியா மாறி பிளாஸ்டிக்கை வெளிய தள்ளும், இதை எந்த ரிட்ராக்‌ஷனும் நிறுத்தாது. நாஸிலை பிரிண்ட் டெம்பரேச்சருக்கு சூடு பண்ணி, கம்ப்யூட்டர்ல இருந்து ப்ராண்டர்ஃபேஸ் மாதிரி ஒண்ணுல கனெக்ட் பண்ணி இதை அனுப்புங்க:

```
M83
G1 E50 F150
G1 E-5 F1500
```

50 மிமீ மெதுவா தள்ளிட்டு 5 மிமீ பின்னாடி இழுக்கும். தள்ளும்போது பட்பட்னு சத்தம், வர்ற இழையில குமிழி, இழுத்த பிறகும் நிக்காம வழிஞ்சுட்டே இருக்கு, இதெல்லாம் இருந்தா ஈரம்தான். 65 டிகிரில ஆறு மணி நேரம் காய வைங்க. ட்ரையர் இல்லேன்னா பிரிண்டர் பெட்டை 65ல வச்சு, ஸ்பூலை மேல வச்சு, அட்டைப்பெட்டியால மூடி, ஈரம் வெளிய போக மேல ரெண்டு ஓட்டை போட்டு, பாதி நேரத்துல திருப்பிப் போட்டாலே போதும். கிச்சன் அவன் வேண்டாம், அதுல 65ன்னு வச்சா சில நேரம் 90க்கு எகிறும், பெட்ஜி 80 டிகிரி வாக்குலயே இளக ஆரம்பிச்சிடும், அப்புறம் ஸ்பூல் மொத்தமும் ஒட்டிக்கும்.

அடுத்து டெம்பரேச்சர். 245 உங்க மெஷினுக்கு ரெண்டு விதத்துல அதிகம். ஒண்ணு, சூடு ஏற ஏற பெட்ஜி தண்ணியா ஆகும், ஒழுகும். ரெண்டாவது, ஸ்டாக் ஹாட்எண்ட்ல டெஃப்லான் ட்யூப் நாஸில் வரைக்கும் போகுது, 240க்கு மேல அதைத் தொடர்ந்து ஓட்டக்கூடாது, ட்யூப் கெட்டுப்போகும், வர்ற புகையும் நல்லதில்ல. 240, 235, 230ன்னு அஞ்சஞ்சா இறக்குங்க, ஒவ்வொண்ணுலயும் சின்னதா ஒரு பீஸ் அடிச்சு கையால உடைச்சுப் பாருங்க. லேயர் லேயரா பிரிஞ்சு வந்தா ரொம்ப இறக்கிட்டீங்கன்னு அர்த்தம், அஞ்சு ஏத்திக்கோங்க. பெரும்பாலும் 230, 235ல நிக்கும்.

இப்போ ரிட்ராக்‌ஷன் தூரம். பௌடன்ல ஃபிலமெண்ட் 1.75, ட்யூப் உள்விட்டம் 2 மிமீ, அதனால சைக்கிள் ப்ரேக் கேபிள் மாதிரி உள்ள ஒரு தளர்வு இருக்கும், எக்ஸ்ட்ரூடர் இழுக்குற முதல் ஒண்ணு ரெண்டு மிமீ அந்தத் தளர்வை எடுக்கவே போயிடும். டைரக்ட் டிரைவ் வச்சிருக்கிறவங்க 1 மிமீ போதும்னு சொல்றது அவங்களுக்கு சரி, உங்களுக்கு சரிவராது. இதுல இன்னொரு திருட்டுத்தனம் இருக்கு, மேல சொன்ன கமாண்டை ஓட்டும்போது ட்யூப் ரெண்டு முனையிலயும் சொருகி இருக்கிற கப்ளரை உத்துப் பாருங்க. இழுக்கும்போது ட்யூபும் சேர்ந்து ஒரு மிமீ நகர்ந்துச்சுன்னா நீங்க ஸ்லைஸர்ல போட்ட 5ல நாஸிலுக்குப் போறது அவ்ளோ குறைச்சல். கப்ளருக்கு ஒரு கிளிப் மாட்டுங்க, இல்ல கப்ளரையே மாத்துங்க. ட்யூபோட அடி முனை நாஸில்ல சரியா முட்டாம இடைவெளி இருந்தாலும் அங்க பிளாஸ்டிக் தேங்கி ஒழுகிட்டே இருக்கும், எந்த நம்பர் போட்டாலும் நூல் ஒரே மாதிரி வந்தா இதைத்தான் நான் முதல்ல சந்தேகப்படுவேன்.

இதெல்லாம் முடிஞ்சாதான் டெஸ்ட். 10 மிமீ அகலத்துல ரெண்டு டவர், நடுவுல 50 மிமீ இடைவெளி, 15 மிமீ உயரம் போதும். ஸ்பீடை 25ல நிலையா வச்சுட்டு தூரத்தை மட்டும் மாத்தி 3, 4, 5, 6ன்னு நாலு தடவை அடிங்க, ரெண்டையும் சேர்த்து மாத்துனா எது வேலை செஞ்சதுன்னே தெரியாது. 3ல கயிறு மாதிரி, 4ல மெல்லிசா வலை, 5ல ரெண்டு மூணு முடி, 6லயும் அதே ரெண்டு மூணு முடின்னு வந்துச்சுன்னு வச்சுக்கோங்க, அப்போ 5தான் உங்க நம்பர். 6ல கூடுதலா ஒண்ணும் கிடைக்கல, ஆனா டவர்ல நாஸில் திரும்பி வந்து ஆரம்பிக்கிற இடத்துல சின்னச் சின்னப் பள்ளம் தெரிய ஆரம்பிக்கும், அதாவது தேவைக்கு மேல இழுத்ததால திரும்பத் தள்ளும்போது பிளாஸ்டிக் லேட்டா வருது. நூல் குறையுறது நிக்கிற இடத்துல நீங்களும் நிக்கணும்.

ஸ்பீடுக்கு வருவோம். நீங்க 45ன்னு போட்டிருக்கீங்க, ஆனா மெஷின் நிஜமாவே 45ல இழுக்குதான்னு பாத்தீங்களா? மார்லின் ஃபர்ம்வேர்ல எக்ஸ்ட்ரூடருக்கு ஒரு உச்ச வேகம் இருக்கு, பல எண்டர்ல அது 25, ஸ்லைஸர் எவ்ளோ கேட்டாலும் சத்தமே இல்லாம அதுலயே நிறுத்திடும். `M503` அனுப்பி, வர்றதுல `M203` வரியில E-க்கு பக்கத்துல இருக்கிற நம்பரைப் பாருங்க. சில ஸ்லைஸர் ப்ரொஃபைல் ஸ்டார்ட் ஜி-கோடுலயே அதை மாத்திடும், அதையும் திறந்து பாத்துடுங்க. 25ன்னு இருந்தா `M203 E50` போட்டுட்டுதான் ஸ்பீடு டெஸ்ட் பண்ணணும், இல்லேன்னா 30க்கும் 50க்கும் ஒரே ரிசல்ட் வந்து குழம்பிடுவீங்க.

பெட்ஜிக்கு நான் 25ல இருந்து 35க்குள்ளதான் வைப்பேன். 5 மிமீயை 25ல இழுத்தா 0.2 செகண்ட், 50ல இழுத்தா 0.1, அந்த நேரத்துல நாஸில் ஒரே இடத்துல நிக்குது, அதனால ரொம்ப மெதுவா வச்சா அங்க ஒரு கொப்பளம் வரும். ரொம்ப வேகமா வச்சா கியர் ஃபிலமெண்டைக் கடிச்சு சுரண்டிடும், எக்ஸ்ட்ரூடர்ல டக் டக்னு சத்தமும் கியர் பக்கத்துல ஃபிலமெண்ட் தூளும் அதோட அடையாளம், அப்புறம் பிளாஸ்டிக் வர்றதே குறைஞ்சு பிரிண்ட் பாதியில வெத்தா ஓடும்.

டிராவல் ஸ்பீடையும் பாருங்க. 50 மிமீ இடைவெளியை 80ல தாண்டினா 0.6 செகண்டுக்கு மேல, 150ல தாண்டினா 0.33 செகண்ட், ஒழுக பாதி நேரம்தான் கிடைக்கும். க்யூராவுல `Combing Mode` ஆன் பண்ணா ஒரே பார்ட்டுக்கு உள்ள நகர்றது உள்ளேயே நடக்கும், ரெண்டு தனித்தனி பார்ட்டுக்கு நடுவுல அது உதவாது.

இவ்ளோ செஞ்சும் பெட்ஜில ஒண்ணு ரெண்டு மெல்லிசு முடி தங்கும், பிஎல்ஏ அளவுக்கு சுத்தமா எதிர்பார்க்காதீங்க. ஹீட் கன்னை ரெண்டு செகண்ட் தூரமா காட்டி எடுத்தா சுருண்டு போயிடும்.