10 ஓவர் போனால் 16 ரன்தான் குறையுமா?

கேள்வி: "50 ஓவர் மேட்ச். எதிரணி 250 எடுத்தாங்க. நாங்க 20 ஓவர்ல 92/5 இருக்கும்போது மழை வந்துச்சு. திரும்ப ஆரம்பிக்கிறப்ப 10 ஓவரைக் குறைச்சு 40 ஓவராக்கினாங்க. ரன்ரேட் கணக்குப்படி 201 தானே வரணும்? ஸ்கோரர் 235ன்னு சொல்றார். ஏமாத்திட்டாங்களா?"

இல்லை. உங்கள் ஸ்கோரர் போட்ட கணக்கு சரிதான். டக்வொர்த் லூயிஸ் ஸ்டாண்டர்டு பட்டியலை வைத்து நான் போட்டாலும் அதே 235 தான் வருகிறது.

இந்த முறையில் ஓவர் மட்டும் கணக்கில் வராது. மிச்சமிருக்கும் ஓவரையும் கையில் இருக்கும் விக்கெட்டையும் சேர்த்து ஒரே கையிருப்பாகப் பார்க்கிறார்கள். 50 ஓவரும் 10 விக்கெட்டும் இருந்தால் கையிருப்பு 100 சதவீதம். ஒவ்வொரு பந்துக்கும் அது கொஞ்சம் கரையும், விக்கெட் விழுந்தால் சட்டென்று இறங்கும். எந்த நிலையில் எவ்வளவு மிச்சம் என்பது பட்டியலில் இருக்கிறது.

மழை வந்தபோது உங்களிடம் 30 ஓவர் மிச்சம், 5 விக்கெட் போயிருந்தது. பட்டியலில் அதற்கு 44.7. திரும்ப வந்தபோது அதே 5 விக்கெட், ஆனால் 20 ஓவர்தான். அதற்கு 38.6. ஆக, மழை உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது 6.1. நூறில் அதைக் கழித்தால் 93.9. எதிரணி 50 ஓவரையும் ஆடியதால் அவர்களுக்கு 100.

```
250 × 93.9 / 100 = 234.75
```

பின்னத்தை விட்டுவிட்டால் 234. அது டை. ஒரு ரன் கூட்டினால் வெற்றி இலக்கு 235.

10 ஓவர் போயும் 6.1 தானா என்ற கோபம் புரிகிறது. பாதி அணி அவுட்டான பிறகு 30 ஓவர் கொடுத்தாலும் அதை முழுவேகத்தில் யாராலும் ஆட முடியாது. விக்கெட்டைக் காப்பாற்றிக்கொண்டே நகர்த்த வேண்டும். அதனால் உங்களுக்கு அந்த 10 ஓவரின் மதிப்பு குறைவு. இதே மழை 92/2 இருக்கும்போது வந்திருந்தால், கையிருப்பு 67.3இலிருந்து 52.4ஆக இறங்கியிருக்கும். இழப்பு 14.9, மீதி 85.1, இலக்கு 213. அதே மழை, அதே 10 ஓவர். மூன்று விக்கெட்டுக்காக 22 ரன் கூடுகிறது.

நியாயம்தானா என்று பார்க்க இன்னொரு வழி உண்டு. மழைக்கு முன் நீங்கள் செலவழித்திருந்த கையிருப்பு 55.3. 250இல் அது 138 ரன். இதுதான் அந்த நேரத்துப் பார் ஸ்கோர், அதாவது ஆட்டம் அங்கேயே நின்றால் டை ஆகும் எண். நீங்கள் 92 எடுத்து 46 ரன் பின்தங்கியிருந்தீர்கள். ஆட்டம் மறுபடி தொடங்கும்போது 93.9இல் 38.6ஐக் கழித்துப் பாருங்கள், அதே 55.3. பார் ஸ்கோர் அதே 138. அப்போதும் 46 ரன்தான் பின்னால். மழை யாரையும் தூக்கிவிடவும் இல்லை, தள்ளிவிடவும் இல்லை. ரன்ரேட் முறையில் 201 கொடுத்திருந்தால் தோற்கும் நிலையில் இருந்த உங்களுக்கு மழையே பரிசு கொடுத்ததாக ஆகியிருக்கும். நீங்கள் எடுத்த 92 ரன் இலக்கு கணக்கில் எங்கும் நுழையவில்லை என்பதையும் கவனியுங்கள்.

உண்மையில் சந்தேகப்பட வேண்டியது "10 ஓவர்" என்ற எண்ணை. தவறும் தில்லுமுல்லும் நடப்பது அங்கேதான். சர்வதேச ஒருநாள் ஆட்டத்தில், ஒதுக்கிய கூடுதல் நேரம் தீர்ந்த பிறகு, வீணாகும் ஒவ்வொரு 4.2 நிமிடத்துக்கும் ஓர் ஓவர் குறையும். 10 ஓவர் என்றால் 42 நிமிடம். உங்கள் போட்டி விதியில் இந்த எண் என்ன, ஆட்டம் எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று கேளுங்கள். வாய்க்கு வந்தபடி "பத்து ஓவர் கட்" என்று சொல்லிவிட்டு, அதற்குமேல் தசமப் புள்ளி வரை துல்லியமாகக் கணக்குப் போட்டு என்ன பயன்? பல அமைப்பாளர்கள் விதிப் புத்தகத்தில் "டக்வொர்த் முறை பின்பற்றப்படும்" என்று ஒரு வரி எழுதுவதோடு சரி. எந்தப் பதிப்பு, எந்தப் பட்டியல் என்று எழுதுவதில்லை. பட்டியலை அச்சிட்டு இரு கேப்டன்களிடமும் கொடுக்க ஒரு தாள் போதும், அதைச் செய்ய மனம் வருவதில்லை.

இந்த அலட்சியத்தில்தான் தரகர்கள் நுழைகிறார்கள். "ஒரிஜினல் டிஎல்எஸ் சாஃப்ட்வேர்" என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். சர்வதேச ஆட்டங்களில் பயன்படும் புரொஃபஷனல் பதிப்பு கணினியில் மட்டுமே ஓடுவது, வெளிச்சந்தைக்கு வருவதில்லை. மிகப் பெரிய ஸ்கோர்களில் பழைய பட்டியல் சறுக்கியதால் வந்தது அது. உள்ளே என்ன நடக்கிறது என்று ரசிகனால் சரிபார்க்க முடியாதபடி அதை மூடி வைத்திருப்பதும் சரியில்லை. உங்களுக்குத் தேவை, எல்லோரும் பார்க்கக்கூடிய ஸ்டாண்டர்டு பட்டியலும் ஒரு கால்குலேட்டரும்தான். 20 ஓவர் மேட்சுக்கு என்று யாரோ தயாரித்த தனிப் பட்டியலை நம்பாதீர்கள். அதே பட்டியலில் 20 ஓவர் மிச்சம் என்ற வரியிலிருந்து, அதாவது 56.6இலிருந்து, தொடங்கினால் போதும்.

இரண்டாவது மழை வந்தால் எச்சரிக்கை இன்னும் தேவை. 30 ஓவர் முடிந்து 10 ஓவர் மிச்சம் இருக்கையில் நீங்கள் 172/5 என்று வைத்துக்கொள்வோம். அங்கே மிச்சக் கையிருப்பு 26.1, அதை 93.9இல் கழித்தால் செலவானது 67.8, பார் ஸ்கோர் 169. ஆட்டம் அத்தோடு நின்றால் நீங்கள் ஜெயித்தீர்கள். அதே இடத்தில் 172/7 என்றால் மிச்சம் 17.9 தான், பார் ஸ்கோர் 190. தோல்வி. மேகம் கறுக்கும்போது பெரிய ஷாட் ஆடச் சொல்லும் கேப்டன் இந்த 21 ரன்னை முதலில் பார்க்க வேண்டும்.

பார் ஸ்கோருக்கு உயிர் வர, இரண்டாவதாக ஆடும் அணி குறைந்தபட்ச ஓவர்களை ஆடியிருக்க வேண்டும். ஒருநாள் ஆட்டத்தில் 20, டி20இல் 5. 19.4 ஓவரில் நீங்கள் 50 ரன் முன்னால் இருந்து மழை கலைத்துவிட்டால் முடிவு கிடையாது. 20 ஓவருக்குள் ஆல் அவுட் ஆனாலோ இலக்கை எட்டினாலோ அது முடிந்த ஆட்டம், அங்கே இந்த வரம்பு பொருந்தாது. உங்கள் மழை சரியாக 20 ஓவர் முடிந்ததும் வந்தது. ஒரு பந்து முந்தியிருந்து, மழையும் விடாமல் இருந்திருந்தால் முடிவில்லை. அந்தப் பந்தையும் ஆடிவிட்டதால், அன்று மழை விடாதிருந்தால் 46 ரன்னில் தோல்வி. இதை அறிந்த கேப்டன்கள் ஃபீல்டை மாற்றி மாற்றி நேரம் கடத்துவார்கள். நடுவரிடம் உடனே சொல்லுங்கள்.

தாளில் இருக்கும் எண் டை எண்ணா வெற்றி எண்ணா என்ற குழப்பம் பெரிய அணிகளையே கவிழ்த்திருக்கிறது. 2003 உலகக் கோப்பையில் டர்பனில் இலங்கை 268 எடுத்தது. தென்னாப்பிரிக்கா துரத்தும்போது மழை. 45ஆவது ஓவரின் ஐந்தாவது பந்தில் பௌச்சர் சிக்சர் அடித்து 229ஐத் தொட்டார். அதுதான் வெற்றிக்குரிய எண் என்ற நினைப்பில் கடைசிப் பந்தைத் தடுத்து ஆடினார். ஆட்டம் அங்கேயே நின்றது. 229 டை எண். இன்னொரு ரன் வேண்டியிருந்தது. தொடரை நடத்திய நாடே வெளியேறியது. அதனால் ஸ்கோரரிடம் "பார் எவ்வளவு" என்று கேட்காதீர்கள். "இந்த ஓவர் முடிந்ததும் மழை வந்தால், இத்தனை விக்கெட்டோடு ஜெயிக்க எத்தனை ரன்" என்று கேட்டு, பதிலைக் கையில் எழுதி வாங்கி பேட்ஸ்மேனுக்கு அனுப்புங்கள். விக்கெட் விழுந்த உடனே மறுபடி கேளுங்கள். பழைய தாள் அந்த நொடியே செல்லாது.