86 மதிப்பெண், ஆனால் பதிவு இல்லை

“பெங்களூரு மருத்துவமனை ஒன்றுக்கு ஐசியூ செவிலியர் விண்ணப்பங்களை மதிப்பிடுகிறேன். அனுபவத்துக்கு 50, படிப்புக்கு 20, சிறப்புத் திறனுக்கு 20, மாநிலச் செவிலியர் கவுன்சில் பதிவுக்கு 10. கர்நாடகப் பதிவு இல்லாதவர் 86 வாங்கி முதலிடத்தில் நிற்கிறார். எங்கே தவறு?”

கூட்டலில் தவறில்லை, பதிவைக் கூட்டலில் சேர்த்ததுதான் தவறு. அனுபவம் எவ்வளவு இருந்தாலும் பதிவின் குறையை ஈடுகட்டாது. அதை மதிப்பெண்ணிலிருந்து எடுத்துவிட்டு, முதல் வாசலாக வையுங்கள்: உண்டு, நிலுவை, இல்லை. மீதி 90க்கு மட்டும் மதிப்பெண்.

‘நிலுவை’ ஏன்? 86 வாங்கியவர் தமிழ்நாட்டில் படித்தவராக இருக்கலாம். தமிழ்நாடு கவுன்சிலில் பதிந்தவர் கர்நாடகக் கவுன்சிலிலும் பதிந்துகொள்ள வழி உண்டு. விண்ணப்பித்த ரசீது இருந்தால் நிலுவை. பணியில் சேரும் முன் பதிவெண் வந்தாக வேண்டும். வெறுமனே “பதிவுபெற்ற செவிலியர்” என்றிருந்தால் எந்த மாநிலம், என்ன எண் என்று கேளுங்கள். நானும் ஒருமுறை கேட்காமல் விட்டு, சேரும் நாளன்று விழித்தேன்.

ஐசியூவும் அப்படித்தான். “ஐந்தாண்டு அனுபவம்” என்பதில் நான்கு பொது வார்டில் கழிந்திருக்கலாம். வென்டிலேட்டர் நோயாளிகளைக் கவனித்த மாதங்களை மட்டும் எண்ணுங்கள். ஏசிஎல்எஸ் என்னும் மேம்பட்ட இதய உயிர்காப்புப் பயிற்சிச் சான்றிதழ் கேட்டிருந்தால் தேதியைப் பாருங்கள். அமெரிக்க இதயச் சங்கத்தின் அட்டை இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும்.